பற்றரி லைட் எரிந்தால் "பற்றரி பிரச்சினை" என்று சொல்லாதீர்கள்

கேள்வி: செங்கலடியில் ஆசிரியையாக இருக்கிறேன். பழைய டீசல் வான் ஒன்றை நானே ஓட்டுகிறேன். போன மாதம் மகாஓயாவில் இருந்து பதுளை வீதியால் வரும்போது, புல்லுமலை தாண்டி சீட்டுக்குக் கீழே "டப்" என்று ஒரு சத்தம். சிவப்பு பற்றரி லைட் எரிந்தது. ஓரமாக நிறுத்தி, காப்புறுதி எடுத்த இடத்தின் அவசர இலக்கத்துக்கு அடித்து "பற்றரி பிரச்சினை" என்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் பற்றரியோடு வந்தார். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு கெரியர் வரும்போது இருட்டிவிட்டது. ஸ்டியரிங் இறுகியதும் பிரேக் கல்லு மாதிரி இருந்ததும் அந்தத் தம்பி கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. போனில் எதை எப்படிச் சொல்ல வேண்டும்? பார்த்து வாசிக்கிற மாதிரி எழுதித் தர முடியுமா?

பதில்: எழுதித் தருகிறேன், டீச்சர். அதற்கு முதல், போனின் மறுபக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் எதைச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கே பிடிபடும்.

அவர் பெரும்பாலும் மெக்கானிக் இல்லை. உங்கள் வானை அவர் திருத்தப் போவதும் இல்லை. அவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: யாரை அனுப்புவது? பற்றரி, டயர், எரிபொருள் மாதிரி சின்ன வேலை என்றால் மோட்டார் சைக்கிளில் ஓர் ஆள். கொஞ்சம் கழற்றிப் பூட்ட வேண்டும் என்றால் சாமான்களோடு ஒரு மெக்கானிக். ஓட்டவே கூடாது என்றால் கெரியர். நீங்கள் சொல்லும் முதல் இரண்டு வசனங்களிலேயே இந்த முடிவை அவர் எடுத்துவிடுவார். "பற்றரி" என்ற சொல் காதில் விழுந்தால் கை தானாகவே பற்றரி ஆளின் இலக்கத்துக்குப் போய்விடும். அவரில் பிழை சொல்ல முடியாது, நீங்கள் சொன்னதைத்தான் அவர் செய்தார்.

அதனால் முதல் விதி: என்ன பழுது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, கையிலும் காலிலும் உணர்ந்தது, இவற்றை நடந்த வரிசையில் சொல்லுங்கள். "பற்றரி பிரச்சினை" என்பது முடிவு. "வான் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரிப் பெட்டி மாதிரி ஒரு சிவப்பு லைட் எரிந்தது, இன்னும் எரிகிறது" என்பது நீங்கள் கண்டது.

உங்கள் வானில் நடந்ததையே எடுத்துப் பார்ப்போம். அந்தச் சிவப்புப் பெட்டி பற்றரி கெட்டுவிட்டது என்று சொல்வதற்கு வைத்த லைட் இல்லை. பற்றரிக்கு சார்ஜ் போகவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. சார்ஜைக் கொடுப்பது அல்டனேட்டர். அதைச் சுழற்றுவது எஞ்சினின் முன்பக்கத்தில் ஓடும் ரப்பர் பெல்ட். ரேடியேட்டர் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்ப், பவர் ஸ்டியரிங் பம்ப், ஏசி எல்லாமே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. சில வான்களில் எல்லாவற்றுக்கும் ஒரே பெல்ட் இருக்கும். சிலவற்றில் இரண்டு மூன்று இருக்கும். ஆனால் ஒன்று அறுந்து சுற்றினால் பக்கத்தில் உள்ளதையும் இழுத்துக் கழற்றிவிடக்கூடும்.

இப்போது நீங்கள் சொன்னதை வரிசைப்படுத்துங்கள். "டப்" என்ற சத்தம், உடனே பற்றரி லைட், பிறகு இறுகின ஸ்டியரிங். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் பெல்ட் அறுந்ததாகத்தான் எந்த மெக்கானிக்கும் முதலில் நினைப்பார். பிரேக் விஷயம் இதிலும் முக்கியம். ஜப்பான் டீசல் வான்கள் பலவற்றில் பிரேக்குக்கு உதவி செய்யும் வக்கியூம் பம்ப் அல்டனேட்டரின் பின்பக்கத்திலேயே பூட்டியிருக்கும். பெல்ட் போனால் அதுவும் நின்றுவிடும். தொட்டியில் மிச்சம் இருக்கும் வக்கியூமில் இரண்டு மூன்று தடவை பிரேக் வழமை போலப் பிடிக்கும், அதன் பிறகு மிதிபலகை கல்லாகிவிடும். பிரேக் இல்லாமல் போகாது. ஆனால் முழுப் பலத்தோடு மிதித்தால்தான் பிடிக்கும், நிற்கும் தூரமும் கூடும். இந்த ஒரு விபரத்தைப் போனில் சொல்லியிருந்தால் முதல் தடவையே கெரியர் வந்திருக்கும்.

இன்னொன்று. பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்கு மின்சாரம் அதிகம் தேவையில்லை. பெல்ட் அறுந்த பிறகும் அது பாட்டுக்கு ஓடும். அதனால்தான் "இன்னும் கொஞ்சத் தூரம்தானே, கரடியனாறு போய்ப் பார்ப்போம்" என்று சிலர் ஓட்டிவிடுகிறார்கள். தண்ணீர் பம்ப் நின்றுவிட்டதால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்து ஹெட் வளைந்துவிடும். ஒரு பெல்ட்டோடு முடிய வேண்டிய செலவு எஞ்சின் கழற்றும் செலவாகிவிடும். நீங்கள் ஓரமாக நிறுத்தியது மிகச் சரியான வேலை.

அடுத்து, அவசர உதவிக்குப் பேசும் பலரும் அறியாமல் விழும் ஒரு பொறி. ஒருவர் போனில், "ஒயில் லைட், பற்றரி லைட், எஞ்சின் லைட், எல்லாமே எரியுது" என்பார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால், வண்டி நின்ற பிறகு திறப்பைத் திருப்பிப் பார்த்தேன் என்பார். எஞ்சின் ஓடாமல் திறப்பை மட்டும் 'ஒன்' நிலைக்குத் திருப்பினால் நல்ல வண்டியிலும் அந்த லைட்டுகள் எரியத்தான் செய்யும். பல்ப் வேலை செய்கிறதா என்று காட்டுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஒயில் அழுத்தமும் சார்ஜும் எஞ்சின் ஓடினால்தான் வரும், ஆகவே அந்த இரண்டும் ஸ்டார்ட் ஆகும்வரை அணையாது. எனவே ஒவ்வொரு லைட்டைச் சொல்லும்போதும் மூன்றில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்ததா, எஞ்சின் நின்ற அந்த நேரத்தில் எரிந்ததா, அல்லது இப்போது திறப்பைத் திருப்பினதால் எரிகிறதா? எஞ்சின் தானாக நின்றதா, நீங்கள் நிறுத்தினீர்களா என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

சரி, நீங்கள் கேட்ட எழுத்து இதுதான். ஒரு அட்டையில் எழுதி சன்வைசருக்குப் பின்னால் செருகி வையுங்கள். இடைவெளிகளை நிரப்பி அப்படியே வாசிக்கலாம்.

> "வணக்கம். எங்களில் ஒருவருக்கும் காயம் இல்லை. வண்டி வீதியை விட்டு இறங்கி நிற்கிறது / வீதியில் நிற்கிறது. புகை, நெருப்பு, எரிபொருள் மணம் இல்லை / இருக்கிறது.
>
> நான் நிற்பது ______ வீதியில், ______ இல் இருந்து ______ நோக்கிப் போகும் பக்கம். கிட்டவுள்ள கிலோமீட்டர் கல் ______.
>
> வண்டி ______, டீசல் / பெற்றோல் / ஹைபிரிட், கியர் ஒட்டோ / மனுவல், இலக்கத்தகடு ______.
>
> ஓடிக்கொண்டிருக்கும்போது முதலில் ______ நடந்தது. அதன் பிறகு ______. அதன் பிறகு ______.
>
> எஞ்சினை நான் நிறுத்தினேன் / எஞ்சின் தானாக நின்றது.
>
> ஓடும்போது எரிந்த லைட்: வடிவம் ______, நிறம் ______, நின்று எரிந்தது / விட்டுவிட்டு மின்னியது.
>
> சத்தம்: ______ மாதிரி, ______ பக்கத்தில் இருந்து, ______ செய்யும்போது கூடியது.
>
> ஸ்டியரிங், பிரேக், கியர், இழுவை: இதில் ______ வழமைக்கு மாறாக இருந்தது.
>
> என்ன பழுது என்று எனக்குத் தெரியாது. யாரை அனுப்பப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்."

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். அவர் "பற்றரி ஆள் ஒருவரை அனுப்புகிறோம்" என்றால் அந்த இடத்திலேயே தடுத்துப் பேசலாம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து கண்டுபிடிக்கத் தேவையில்லை.

இனி அந்த இடைவெளிகளை எப்படி நிரப்புவது என்று பார்ப்போம். லைட்டின் வடிவத்தைச் சொல்வதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. வெளியில் என்ன கோடு, உள்ளே என்ன இருக்கிறது, என்ன நிறம், இவ்வளவுதான். அதிகம் குழப்புவது ஆச்சரியக்குறி. "ஆச்சரியக்குறி ஒன்று எரியுது" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது, ஏனென்றால் நான்கைந்து லைட்டுகளில் அது வருகிறது. அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதில்தான் விஷயம். ஆச்சரியக்குறி ஒரு வட்டத்துக்குள் இருந்து, வட்டத்தின் இரண்டு பக்கமும் அடைப்புக்குறி மாதிரி வளைவு இருந்தால் அது பிரேக். சிவப்பாக இருக்கும். ஹாண்ட்பிரேக் இறக்கியும் அணையவில்லை என்றால் வண்டியை நகர்த்தாதீர்கள். குதிரை லாடம் மாதிரி மேலே திறந்து, அடியில் பல்லுப் பல்லாக இருக்கும் கோட்டுக்குள் இருந்தால் டயர் காற்று. ஸ்டியரிங் வளையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மின்சாரப் பவர் ஸ்டியரிங். பல்சக்கரத்துக்குள் இருந்தால் கியர் பெட்டி. முக்கோணத்துக்குள் இருந்தால், "வேறு எங்கோ ஒரு செய்தி இருக்கிறது, அதைப் பார்" என்று அர்த்தம், அப்போது திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நிறத்துக்கும் அதே கவனம் வேண்டும். ஒரே படம் நிறம் மாறினால் வேறு செய்தியாகிவிடும். வெப்பமானி தண்ணீரில் நிற்கிற மாதிரியான படம் காலையில் நீலமாக எரிந்தால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்பதுதான், பயமே வேண்டாம். அதே படம் சிவப்பானால் எஞ்சின் கொதிக்கிறது. துளி சிந்தும் ஒயில் கேத்தல் சிவப்பாக இருந்தால் ஒயில் அழுத்தம் இல்லை, அந்த நொடியே எஞ்சினை நிறுத்த வேண்டும். மஞ்சளாக இருந்தால் அநேகமாக ஒயில் அளவு குறைந்திருக்கிறது. எஞ்சின் வடிவ மஞ்சள் லைட் நின்று எரிந்தால் மெதுவாக கராஜ் வரை போகலாம். ஆனால் எஞ்சின் உதறிக்கொண்டு அது விட்டுவிட்டு மின்னினால் நிறுத்துங்கள். பெற்றோல் வண்டியில் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் அங்குள்ள விலை கூடிய பாகத்தைச் சுட்டுவிடும். அதனால்தான் "நின்று எரியுதா, மின்னுதா" என்று எழுத்தில் வைத்தேன்.

நம்முடைய பக்கத்து வெயிலில் மஞ்சளும் சிவப்பும் ஒரே மாதிரித் தெரியும். இரண்டு கையாலும் மீட்டர் போர்ட்டுக்கு நிழல் பிடித்துப் பாருங்கள். அப்போதும் தெளிவில்லை என்றால் "சிவப்பா மஞ்சளா என்று தெரியவில்லை" என்றே சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் கேட்பவர் அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொள்வார், அது பாதுகாப்பான பக்கம்.

லைட்டில் எழுத்துகள் இருந்தால் அர்த்தம் சொல்லாமல் எழுத்து எழுத்தாக வாசியுங்கள். பழைய டீசல் வான்களில் T-BELT என்று ஒரு லைட் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "பெல்ட் அறுந்துவிட்டது" என்று பயந்து பேசுகிறவர்கள் உண்டு. உண்மையில் எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டிய ஓட்டத் தூரம் வந்துவிட்டது என்பதற்கான நினைவூட்டல் அது. பல மாடல்களில் 100,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எரியும். வண்டி ஓடும், பெல்ட்டைத்தான் சீக்கிரம் மாற்ற வேண்டும். ஹைபிரிட் கார் என்றால் பச்சையில் READY எரிகிறதா இல்லையா என்பதை முதலில் சொல்லுங்கள். எஞ்சின் சத்தம் கேட்கவில்லை என்பது அங்கே பழுதல்ல. திரையில் ஜப்பான் எழுத்தில் ஏதாவது வந்தால் வாசிக்க முயல வேண்டாம், அது மறைவதற்கு முதல் படம் எடுத்து அனுப்புங்கள்.

சத்தத்தைச் சொல்ல வெட்கப்படாதீர்கள், வாயால் செய்து காட்டுங்கள். "ஒரு மாதிரிச் சத்தம்" என்பதை விட, போனில் "கீ...ச்" என்று இழுத்துக் காட்டினால் எவ்வளவோ தெளிவு. அதைவிடப் பெரிய உதவி, அந்தச் சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்பது. வண்டி நிற்கும்போதும் அக்சிலேட்டரை மிதித்தால் கூடுகிறதா? அப்படியானால் எஞ்சின் பக்கம். வண்டி ஓடும் வேகத்தோடு கூடிக் குறைகிறதா? சக்கரம், பெயரிங் பக்கம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் கறகறவென்று அரைக்கிறதா? பிரேக் பாட் தேய்ந்து இரும்பில் இரும்பு உரசுகிறது. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது டக் டக் என்றால் முன் அச்சின் மூட்டுகள். நான்கில் எது என்று சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சத்தம்தான் எல்லாம். "ஸ்டார்ட் ஆகுதில்லை" என்ற ஒரு வசனத்துக்குள் நான்கு வேறு வேறு பழுதுகள் இருக்கின்றன. திறப்பைத் திருப்பும்போது "டக் டக் டக் டக்" என்று வேகமாகக் கேட்டால் பற்றரி இறங்கியிருக்கிறது அல்லது அதன் முனை தளர்ந்திருக்கிறது. இங்கேதான் பற்றரித் தம்பி உண்மையாகவே தேவை. "டக்" என்று ஒரே ஒரு தடவை கேட்டு, மீட்டர் லைட் மங்காமல் இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டரில் சந்தேகம். எஞ்சின் வழமையான வேகத்தில் சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் எரிபொருள் பக்கமோ வேறு ஏதோ, பற்றரி அல்ல. ஒரு சத்தமும் இல்லை என்றால் ஒட்டோ கியர் 'பி' இல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் கோல் எப்படிப் போயிருக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன்.

"வணக்கம், என்ன உதவி வேணும்?"

"வணக்கம் மிஸ். வானில் நான் மட்டும்தான், காயம் இல்லை. வீதியை விட்டு இறக்கி நிற்பாட்டியிருக்கிறேன். புகை, நெருப்பு இல்லை. செங்கலடி பதுளை வீதி, ஏ5, புல்லுமலை தாண்டி செங்கலடி நோக்கிப் போகும் பக்கம். டீசல் வான், மனுவல் கியர். ஓடிக்கொண்டிருக்கும்போது முதலில் டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரே ஒரு தடவை 'டப்' என்று சத்தம். உடனே பெட்டி வடிவத்தில், மேலே இரண்டு குமிழ் உள்ள சிவப்பு லைட், மின்னாமல் நின்று எரிந்தது. அதன் பிறகு ஸ்டியரிங் இறுகிவிட்டது. மூன்றாவது தடவை பிரேக் மிதிக்கும்போது கல்லு மாதிரி இருந்தது. எஞ்சின் தானாக நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன்."

"பற்றரி லைட்தானே மிஸ், பற்றரி இறங்கியிருக்கும். ஜம்ப் ஸ்டார்ட் பண்ண ஆள் அனுப்பட்டா?"

"பற்றரி இறங்கின மாதிரித் தெரியவில்லை, எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. லைட்டோடு ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒரே நேரத்தில் மாறியிருக்கு. இந்த மூன்றையும் மெக்கானிக் ஒருவரிடம் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பிரேக் இப்படி இருக்கும்போது நான் வானை ஓட்டமாட்டேன்."

"சூடு மீட்டர் எங்கே நிற்குது?"

"நிற்பாட்டும்போது நடுவைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. சிவப்பைத் தொடவில்லை."

கடைசிப் பதில் சின்னதாகத் தெரிந்தாலும் அதற்கு விலை அதிகம். எஞ்சின் கொதிக்கவில்லை என்றால், சரியான பெல்ட்டோடு ஒரு மெக்கானிக் வந்து அந்த இடத்திலேயே பூட்டிவிட வாய்ப்பு இருக்கிறது. கொதித்துவிட்டது என்றால் பெல்ட் போட்டாலும் ஓட்டக்கூடாது, கெரியர்தான். உங்கள் வானுக்குரிய பெல்ட்டின் எண் அதன் முதுகில் அச்சடித்திருக்கும். அடுத்த சர்வீஸில் அதை அட்டையில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் ஒன்று வாங்கி வானுக்குள்ளேயே வையுங்கள். எஞ்சின் சீட்டுக்குக் கீழே இருக்கும் வான் என்பதால், நிறுத்திச் சூடு ஆறாமல் சீட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். ஆவி வந்தால் கிட்டவே போகாதீர்கள், ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

இடத்தைச் சொல்வதில் எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பேசுகிறவர் கொழும்பில் இருப்பார். தமிழில் பேசினாலும் ஊர் தெரியாது. இலுப்படிச்சேனை என்று சொன்னால் வாழைச்சேனை என்று எழுதிவிடக்கூடும். இரண்டும் வேறு வேறு வீதியில் இருக்கின்றன. "கறுத்தப் பாலத்துக்கு உள்ளே" என்றால் செங்கலடி ஆளுக்கு மட்டும்தான் விளங்கும். அதனால் வீதியின் இலக்கத்தில் இருந்து தொடங்குங்கள். கல்முனை வீதி ஏ4, பதுளை வீதி ஏ5, திருகோணமலை வீதி ஏ15. பிறகு எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்குப் போகும் பக்கம் என்பது. பிறகு கிலோமீட்டர் கல். கல் கண்ணில் படவில்லை என்றால் பக்கத்து மதகின் சுவரைப் பாருங்கள், கிலோமீட்டரும் அந்தக் கிலோமீட்டருக்குள் அது எத்தனையாவது மதகு என்பதும் சாய்கோடு போட்டு எழுதியிருக்கும். வீதி வேலை செய்கிறவர்களுக்கு அந்த இரண்டு எண் போதும்.

வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பலாம்தான், ஆனால் அந்த வீதியில் சில இடங்களில் டேட்டா வராது, குரல் மட்டும் போகும். அப்போது போன் மேப்பில் நீங்கள் நிற்கும் புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். அதை இலக்கம் இலக்கமாக வாசியுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இரண்டாவது எண் 81 என்று தொடங்க வேண்டும். வேறு எண்ணில் தொடங்கினால் தப்பான புள்ளியை அழுத்திவிட்டீர்கள். சிக்னல் உள்ள இடத்திலேயே மேப்பை ஏற்கனவே இறக்கி வைத்திருந்தால்தான் இது வேலை செய்யும்.

புல்லுமலைப் பக்கம் பொழுதுபட்டால் யானை வரும். அதையும் கோலில் சொல்லுங்கள், "இது யானை நடமாடும் இடம், தனியாக நிற்கிறேன்" என்று. பகலில் வீதியோரத்தில் வானை விட்டு விலகி நிற்பது நல்லது. ஆனால் அங்கே இருட்டின பிறகு வானுக்குள்ளேயே கதவைப் பூட்டிக்கொண்டு, சீட் பெல்ட்டும் போட்டு, ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு இருங்கள். சார்ஜ் இல்லாததால் ஹசார்ட்டைத் தவிர வேறு எதையும் போட வேண்டாம், போனையும் வானில் சார்ஜ் பண்ண வேண்டாம். ஆபத்து என்று பட்டால் உதவி வரும்வரை காத்திருக்காமல் 119க்குப் பேசுங்கள். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் 1990.

வருகிறவர் யார் என்று முடிவானதும் அவரது இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அட்டையில் உள்ளதை அவருக்கும் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் கொழும்புக்குச் சொன்னது அவருக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் "பற்றரி லைட்" என்ற அளவுக்குச் சுருங்கியிருக்கும். அவர் கராஜில் இருந்து கிளம்பும் முன் கேட்டால்தான் சரியான பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஏற முடியும்.